தாணு பவன் முதலாளி இன்னும் பேசி முடிக்கவில்லை

ஊரில் கரண்ட் போய், தெருவிளக்கு அணைந்து, எதிர்வீட்டு டிவி பாதி வசனத்தில் வாயை மூடி, தலைக்கு மேலே மின்விசிறி மனசில்லாமல் கடைசிச் சுற்றுச் சுற்றி நின்ற பிறகும், அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. வடிவு பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருட்டுக்குள் நின்று கேட்டாள். ஆற்றுப் பக்கமிருந்து காற்றோடு வந்தது. தூரத்தில் யாரோ மூச்சு விட மறந்துபோய்ப் பேசிக்கொண்டே இருக்கிற மாதிரி, நடுநடுவே ‘ஆகவே’ என்றும் ‘அன்பிற்கினிய’ என்றும் மட்டும் புரிகிற மாதிரி, குழாய் ஸ்பீக்கருக்கே உரிய அந்தக் கரகரப்போடு. கரண்ட் இல்லாமல் குழாய் எப்படிப் பேசும் என்று அவள் முதலில் பயந்தாள். அப்புறம் அது தாணு பவன் முதலாளியின் குரல் என்று தெரிந்ததும், அப்பா இன்னும் வராததற்குக் காரணம் தெரிந்துவிட்டது, பயம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அப்பா பால்வண்ணம், தென்கரைப்புதூர் தாணு பவன் சைவ ஓட்டலில் சர்வர். ஊரில் பாதிப் பேருக்கு முதல் காப்பி ஆற்றிக் கொடுத்தவர், மீதிப் பேருடைய கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை பெண்ணுக்கு நெய் ரோஸ்ட் வைத்தவர். அன்றைக்குத்தான் அவருக்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா. காலையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், ஏதோ அடுத்தவர் சட்டைக்குள் நுழைந்த மாதிரிக் கையை அகட்டிக்கொண்டு கிளம்பினார். “அஞ்சு மணிக்கு விழா, ஏழுக்கு முடிஞ்சிரும், எட்டுக்கெல்லாம் நான் வீட்டுல. இனிமே ராத்திரி நான் இருக்கேன், நீ நிம்மதியா ஒறங்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் வடிவு மாதக்கணக்கில் காத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவள் அவள். அம்மா இல்லாத வீடு. புருஷன் மஸ்கட்டில். அப்பாவோ ஓட்டலில் கடைசி இலையை எடுத்து, பெஞ்சைக் கழுவிவிட்டு, ஊர் அடங்கின பிறகு வருகிறவர். கதவைத் தாழ் போட முடியாது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக் கண் அசந்துவிட்டால் அவர் தட்டுவது காதில் விழாது, அவரும் தெருவே எழும்பும்படி தட்டுகிற ஆள் இல்லை, வாசல்படியிலேயே குத்தவைத்து விடிய விடிய இருந்துவிடுவார். ஆகையால் கதவு வெறுமனே சாத்தியிருக்கும். அவள் அந்தக் கதவைப் பார்த்தபடியே படுத்திருப்பாள், காற்று அடித்தாலும் பூனை உரசினாலும் பிள்ளையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்வாள்.

விழா எப்படி நடந்தது என்பதை மறுநாள் எதிர்வீட்டுப் பாக்கியத்தக்கா வந்து சொன்னாள். எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. ஓட்டல் மாடி ஹாலில் மேடை, மேடைக்குப் பின்னால் பேனர், பேனரில் முதலாளி படம் பெரிதாகவும் அப்பா படம் தபால்தலை அளவிலும். கடவுள் வாழ்த்து. புலவர் நம்பிராஜன் வரவேற்புரை. புலவர் என்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர், அவர் தொகுத்து வழங்காமல் அந்த ஊரில் காது குத்துக்கூட நடக்காது. பிறகு பொன்னாடை, சந்தன மாலை, சுவர்க் கடிகாரம். சட்டம் போட்ட வாழ்த்து மடலை வாசித்து, மடலை வாங்குகிற மாதிரி ஒரு போட்டோ, போட்டோக்காரர் சரியாக விழவில்லை என்றதும் மடலைத் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்குகிற மாதிரி இன்னொரு போட்டோ. அழைப்பிதழில் போட்டிருந்த வரிசை இது: முதலாளியின் பாராட்டுரை, அதன் பின் விழா நாயகரின் ஏற்புரை, நன்றியுரை, நாட்டுப்பண், காப்பி.

முதலாளி தாணுமூர்த்தி மைக்கைப் பிடித்தார். போன வருஷம் ஒரு கட்டடத் திறப்பு விழாவில் மேடையில் இருந்த ஒருத்தர் பெயரை விட்டுவிட்டதில் ரெண்டு குடும்பம் இன்றைக்கும் ஒருத்தர் வாசலில் ஒருத்தர் மிதிப்பதில்லை. அந்தப் பயத்தில் அவர் எல்லோர் பெயரையும் சொன்னார். மேடையில் இருந்தவர்கள், முன்வரிசை, பின்வரிசை, வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவர், வர முடியாமல் போனவர்கள், வந்திருக்க வேண்டியவர்கள், உயிரோடு இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியவர்கள். பெயர்கள் முடிந்து, கை தட்டி, எல்லோரும் காப்பி வாசனையை மோந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நெஞ்சில் கையை வைத்து ஒரு வார்த்தை சொன்னார்:

“நம்ம பால்வண்ணத்தைப் பத்திச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்காம, நான் இந்த மைக்கை விட்டு எறங்க மாட்டேன்.”

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பால்வண்ணத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைச் சொல்லி முடிப்பது எப்படி? ஆகவே அவர் தெரிந்ததிலிருந்து ஆரம்பித்தார். தன் தாத்தா ஒரு பித்தளைத் தூக்குச்சட்டியோடு இந்த ஊருக்கு வந்து இறங்கியதிலிருந்து ஆரம்பித்தார். பத்து மணிக்கு போலீஸ் விதிப்படி மைக்செட்காரர் ஆம்ப்ளிபயரை அணைத்தார். குரல் குழாயில் வந்தது. ஒயரைப் பிடுங்கினார். வந்தது. கடைசியில் குழாயையே கழற்றிக் கீழே இறக்கித் தரையில் வைத்தார், தரையிலிருந்து வந்தது. மைக்செட்காரர் அதை மறுபடி மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, “கீழ கெடந்தா கால்ல இடறும்” என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்.

“எங்க அப்பா எங்கக்கா?” என்றாள் வடிவு.

“மேடையிலதான் இருக்காவ. பொன்னாடையோட. விழா நாயகரு எப்படிட்டி பாதியில எந்திரிச்சு வருவாவ? மொதலாளி பேசிக்கிட்டு இருக்கும்போது?”

விடிந்தது, முதலாளி பேசினார். மத்தியானம் வந்தது, முதலாளி பேசினார். சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, உட்காரவில்லை, ஆனால் முகம் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி நாளுக்கு நாள் பளபளத்தது. ஊர் முதலில் வாயைப் பிளந்தது, பிறகு வாயை மூடிக்கொண்டு இதில் நமக்கு என்ன என்று யோசித்தது. மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்து, மீட்டர் ஓடவில்லை, ஆகவே எங்கள் இலாகா இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார். மைக் இணைப்பில் இல்லாததால் இது ஒலிபெருக்கி ஆகாது, வெறும் பேச்சு, பேசுவது அவரவர் உரிமை என்றார். வந்ததற்கு ஒரு அடை அவியல் சாப்பிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து உட்காரவைத்து, இதுதான் சொற்பெருக்கு என்று காட்டினார்கள். முடிதிருத்துகிறவர் ஒருநாள் விட்டு ஒருநாள் மேடையேறி, ‘ப’வும் ‘ம’வும் வருகிற இடம் பார்த்து உதட்டோரம் கத்தியை ஓட்டி முதலாளிக்குச் சவரம் செய்தார். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளத்தை முதலாளி ‘மேலும்’ என்று இழுக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளப் பழகினார்கள். தூக்கம் வராத கிழவர்கள் தலையணையோடு ஹாலுக்கு வந்தார்கள், வந்த மாத்திரத்தில் குறட்டை விட்டார்கள், டாக்டர் மாத்திரைச் சீட்டில் ‘பாராட்டுரை, இரவு ஒரு வேளை’ என்று எழுதத் தொடங்கினார்.

முதலாளியின் சம்சாரம் ஒரு பகல் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போனாள். என்னம்மா கவலையாக இல்லையா என்று கேட்டதற்கு, “வீட்டுலயும் இதேதான். அங்க மைக் கெடையாது, அவ்வளவுதான்” என்றாள். சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வு பெற்ற தாசில்தார், முக்கியமான போன் என்று காதில் கையை வைத்துக்கொண்டு இறங்கிப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் நாற்காலியில் மரியாதைக்காக ஒரு துண்டை மட்டும் போட்டுவைத்தார்கள், துண்டு அவரைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

ஓட்டலில் வியாபாரம் குவிந்தது. வெளியூரிலிருந்து வேன் போட்டுக்கொண்டு வந்தார்கள். கூட்டத்துக்குப் பரிமாற ஆள் போதவில்லை. சூப்பர்வைசர் மேடைக்கு ஏறி அப்பாவின் காதில் என்னவோ சொன்னார், அப்பா பொன்னாடையோடு கீழே இறங்கி, சாம்பார் வாளியைக் கையில் எடுத்தார். சட்டமும் அதற்குத் தோதாகவே இருந்தது. பாராட்டுரை முடிந்தால்தான் ஏற்புரை, ஏற்புரை சொன்னால்தான் விடைபெற்றது, விடைபெற்றால்தான் ஓய்வு. ஆகவே பால்வண்ணம் இன்னும் ஓய்வு பெறவில்லை என்று சூப்பர்வைசர் எல்லோருக்கும் விளக்கினார். அதைக் கேட்டதிலிருந்து ஊரில் வயதான வேலைக்காரர்கள் நடுங்கினார்கள். ஜவுளிக்கடையில் பில் போடுகிற அம்மாள் ஒருத்தி, தனக்கு விழா கிழா எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற மாதிரி போனவள் அப்படியே ஓய்வு பெற்றுவிட்டாள்.

வடிவுக்கு ஒவ்வொரு சாயங்காலமும் ஆள் வந்து சொல்லும்: இன்றைக்கு முடிந்துவிடுமாம், அப்பா வந்துவிடுவாராம். அவளும் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். குரல் மட்டும் சந்துபொந்தெல்லாம் நுழைந்து வீட்டுக்குள் வரும், அப்பா வரமாட்டார்.

ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போனாள். அப்பா இடது கையில் முழங்கை வரைக்கும் காப்பி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்தார். பொன்னாடை ஜரிகை சாம்பாரில் நனைந்து மஞ்சளாகியிருந்தது, சந்தன மாலை சட்னி வாளிக்குள் விழாமல் இருக்கப் பின்பக்கமாக முதுகில் தொங்கியது. பேத்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஆனால் கையில் டம்ளர் இருந்ததால் தாடையால் அவள் காலைத் தொட்டார்.

“எப்பப்பா வருவீங்க?”

“வந்திருவேன்மா. இப்பத்தான் மொதலாளியோட அப்பா காலத்துக்கு வந்திருக்காவ. கேட்டியா, அறுபத்தி ஏழுல மாடி எடுத்த கதை. நல்லாச் சொல்லுதாவ.”

“அதுல நீங்க எங்கப்பா இருக்கீங்க?”

“நான் வேலைக்குச் சேந்தது எம்பத்தி நாலுல்லா. வரும் வரும்.”

வடிவு ஊர்க் கான்வென்டில் படித்தவள். அங்கே சிஸ்டர் ரெஜினா, வகுப்பை விட்டுப் போகிற டீச்சருக்கு எப்படி விடை கொடுத்துப் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மூன்று பத்தி. அவர் யார், நமக்கு என்ன செய்தார், இனி அவருக்கு என்ன நல்லது நடக்க வேண்டும். வாய்க்குள் ‘நான்’ என்று வந்தால் முழுங்கிவிட வேண்டும். கை குவித்து உட்கார்ந்துவிட வேண்டும். அந்த அளவுகோலோடு அவள் ஹால் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். “நான்” என்றார் முதலாளி. “நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். “என் இடத்துல வேற ஒருத்தன் இருந்தா” என்றார். ஒரு பத்தி முடிவதற்குள் பிள்ளை பசித்து அழுதது. அவள் திரும்பிவிட்டாள்.

பிறகு ஒரு நாள், தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம், கதவு தானாகத் திறந்தது. அப்பாதான் என்று நினைத்து எழுந்தாள். அப்பா இல்லை. ஒரு கை கதவைப் பிடித்திருந்தது, கைக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றான், இவளைப் பார்த்தான், தொட்டிலைப் பார்த்தான், வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை என்பதையும் பார்த்தான். “பால்வண்ணம் இல்லையா?” என்று கேட்டான். அவளுக்கு அவனைத் தெரியாது. “குளிக்காவ, இப்ப வந்திருவாவ” என்றாள், குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் குழாய்ப் பேச்சு வருகிற திசையைக் காட்டி லேசாகச் சிரித்தான். பால்வண்ணம் எங்கே இருக்கிறார் என்பதை ஊருக்கெல்லாம்தான் அந்தக் குழாய் சொல்லிக்கொண்டே இருக்கிறதே. எதிர்வீட்டில் யாரோ இருமினார்கள். அவன் போய்விட்டான். தாழ்ப்பாள் அவள் ஒருத்தி தள்ளினதற்கு அசையவில்லை. விடிகிற வரை அவள் அம்மிக் குழவியை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நேராக ஓட்டலுக்குப் போனாள். அப்பாவை அடுப்படிப் பக்கம் நிறுத்தி, நடந்ததைச் சொன்னாள். அவர் கையிலிருந்த கரண்டி வாளிக்குள் விழுந்தது.

“இன்னைக்கு நீங்க வரணும்பா. பேச்சு முடிஞ்சாலும் முடியாட்டாலும்.”

“வாரேன். இன்னைக்கு வந்திருதேன்.” அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “பொழுது அடையிறதுக்குள்ள என் வருசம் வந்திரும்மா. நேத்து ராத்திரியே எம்பத்தி மூணு தீவாளி வந்தாச்சு. ஒரு வரி சொல்லாமலா போயிருவாவ? அந்த ஒரு வரிய மட்டும் கேட்டுட்டு வந்திருதேன்.”

அப்போதுதான் வடிவுக்கு விளங்கியது. அப்பாவை யாரும் கட்டிப்போடவில்லை. விழா முறையும் சூப்பர்வைசர் சட்டமும் ஒரு சாக்கு. அவர் காத்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கேட்டதைக் கொண்டுவந்து வைத்த மனிதர், தனக்கென்று ஒன்றே ஒன்று கேட்காமல் கேட்டு, அது வருகிற வரை உட்கார்ந்திருக்கிறார். அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்தைக் காட்ட முடியாதபடி அழுகையும் வந்தது. பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு, “சரி, நானும் இருக்கேன். கேட்டுட்டுச் சேந்து போவோம்” என்றாள்.

சேதி எப்படியோ பரவிவிட்டது. இன்றைக்கு எண்பத்தி நாலு வருகிறது என்று கடைகளை அடைத்துவிட்டு வந்தார்கள். சமையல்காரர்கள் அடுப்பைத் தணித்துவிட்டு மாடிக்கு வந்தார்கள். கிழவர்களை எழுப்பிவிட்டார்கள். புலவர் நம்பிராஜன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்பா முகத்தைக் கழுவி, பொன்னாடையின் சாம்பார் படாத பக்கத்தை முன்னால் வருகிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டு, சந்தன மாலையை நேராக்கி, விழா நாயகர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து பழக்கமில்லாததால் நுனியில் உட்கார்ந்தார்.

“எண்பத்தி நாலு,” என்றார் முதலாளி.

ஹாலில் ஈ பறந்தால் கேட்கும்.

“அந்த வருஷம் நம்ம தாணு பவனுக்கு ஒரு பொக்கிஷம் வந்து சேர்ந்தது. அது வந்தது முதல் இன்றுவரை ஒரு நாள் லீவு கேட்டதில்லை. முகம் சுளித்ததில்லை. அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பினாலும் மறுபேச்சுப் பேசியதில்லை. எத்தனை கூட்டம் வந்தாலும் அசந்ததில்லை. தேய்ந்தது, ஆனால் ஓயவில்லை.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது மடல் சிவந்ததை வடிவு கடைசி வரிசையிலிருந்தே பார்த்தாள். பாக்கியத்தக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சமையல்காரர்கள் கை தட்டத் தயாராக உள்ளங்கைகளைப் பிரித்து வைத்துக்கொண்டார்கள்.

“அதுதான்,” என்றார் முதலாளி, தொண்டை தழுதழுக்க, “கோயம்புத்தூரிலிருந்து நான் என் கையால் பார்த்துப் பொறுக்கி வாங்கிவந்த கிரைண்டர்.”

விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ரெண்டு பேர் தட்டிவிட்டார்கள். பேச்சு நிற்கவில்லை. கிரைண்டர் லாரியில் வந்த அழகு, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தது, முதல் மாவில் சுட்ட இட்லியைத் தன் தகப்பனார் வாயில் வைத்து ‘பூ’ என்று சொன்னது, இப்படியே போய் எண்பத்தி ஐந்து வந்தது. எண்பத்தி ஐந்தில் முதலாளிக்குக் கல்யாணம்.

பால்வண்ணம் இன்னும் குனிந்தபடியே இருந்தார். அப்புறம் நிமிர்ந்தார். வடிவு அந்த முகத்தைப் பார்க்கப் பயந்தாள், ஆனால் அங்கே அழுகை இல்லை, கோபமும் இல்லை. ஓட்டலில் கூட்டம் அலைமோதுகிற நேரத்தில், காப்பி குடித்து முடித்தும் எழுந்திருக்காமல் அரட்டையடிக்கிற ஒரு டேபிளைத் தூரத்திலிருந்து சர்வர் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

அப்படி உட்கார்ந்திருக்கிறவர்களை எழுப்புவதற்கு ஒரு முறை உண்டு. எழுந்திரு என்று சொல்லக் கூடாது, வாடிக்கை போய்விடும். முதலில் தண்ணீர் டம்ளரை எடுக்க வேண்டும், பாதி தண்ணீர் இருந்தாலும் எடுக்க வேண்டும். பிறகு அவர் முன்னால் டேபிளைத் துடைக்க வேண்டும், அவர் கையைத் தானாகத் தூக்கிக்கொள்கிற மாதிரி துடைக்க வேண்டும். அப்புறம் தலைக்கு மேலே இருக்கிற காற்றாடியை நிறுத்த வேண்டும். கடைசியில் பக்கவாட்டில் நின்று, உடம்பைக் கொஞ்சம் வளைத்து, அன்பு குறையாத குரலில் ஒரு கேள்வி. இதெல்லாம் வாடிக்கையாளர்களுக்குத்தான். முதலாளிக்கு இதைச் செய்ய எந்த ஓட்டலிலும் எந்த சர்வருக்கும் தோன்றாது. முதலாளி சாப்பிட்டு எழுந்து போன பிறகுதான் அவர் இலைப் பக்கமே கை நீள வேண்டும்.

பால்வண்ணம் எழுந்தார். மைக் மேசையில் விழா அன்று வைத்து, அதன் பிறகு யாரும் தொடாத தண்ணீர் டம்ளர் இருந்தது. அதை எடுத்தார். தோளிலிருந்த பொன்னாடையை உருவி நாலாக மடித்து, மேசையைத் துடைத்தார். ஜரிகைத் துணி துடைக்க உதவாது, ஆனாலும் வலமிருந்து இடமாக, மூலை விடாமல் ஒரே இழுப்பில் துடைத்தார். முதலாளி பேசிக்கொண்டே கையைத் தூக்கிக்கொண்டார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பெடஸ்டல் ஃபேனின் பொத்தானை அமுக்கி நிறுத்தினார் பால்வண்ணம். பிறகு பக்கவாட்டில் வந்து, கொஞ்சம் வளைந்து, முதலாளி என்றோ அண்ணாச்சி என்றோ சொல்லாமல்,

“வேற ஏதாவது வேணுமா சார்?” என்றார்.

“போதும்,” என்றார் முதலாளி.

வாய்தான் சொன்னது. அந்தக் கேள்விக்கு அந்த ஊரில் பிறந்த எந்த வாயும் அதைத்தான் சொல்லும். சொன்ன பிறகு முதலாளி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. குழாயில் ஒரு கொரகொரப்பு மட்டும் கேட்டு அதுவும் அடங்கியது. ஆற்றங்கரை மருதமரங்களிலிருந்து காகங்கள் மொத்தமாகக் கிளம்பி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வட்டமடித்தன. ஊரெங்கும் தொட்டில் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழத் தொடங்கின. மௌனம் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. முதலாளி தன் கைகளைப் பார்த்தார், பசி வந்தவர் மாதிரி மெதுவாகத் தாசில்தார் நாற்காலியில் துண்டுக்கு மேல் உட்கார்ந்தார். அவர் சம்சாரம் மட்டும் கீழே போய் அவருக்கு ரெண்டு இட்லி கொண்டுவந்தாள்.

பால்வண்ணம் டம்ளரைக் கழுவுகிற இடத்தில் போட்டுவிட்டு, பொன்னாடையைக் கரித்துணிக் கொடியில் காயப்போட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தை மறந்து, பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்தார். பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. வீட்டுப் படியில் ஏறும்போது, “கிரைண்டரும் நல்ல கிரைண்டர்தான்மா” என்றார். வடிவுக்குச் சிரிப்பு வந்து அடங்க வெகு நேரம் ஆனது, அதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

அவர் கால் கழுவி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி முடிப்பதற்குள் தெருவில் சலசலப்புக் கேட்டது. வடிவு எட்டிப் பார்த்தாள். ஊர் வந்துகொண்டிருந்தது. முன்னால் புலவர் நம்பிராஜன், அவருக்குப் பின்னால் ஒயரைத் தோளில் சுற்றிக்கொண்டு மைக்செட்காரர், பின்னால் பாய் தலையணையோடு கிழவர்கள், வேனில் வந்த வெளியூர்க்காரர்கள், சூப்பர்வைசர். மௌனத்தை அவர்களால் ஒரு நாழிகைகூடத் தாங்க முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

புலவர் படியேறி வந்து மைக்கைக் கதவுக்குள் நீட்டினார். “பால்வண்ணம், அழைப்பிதழ்ல உள்ளபடி ஏற்புரை பாக்கி இருக்குதய்யா. அதைச் சொல்லாம நீர் வந்துட்டீர். முறையில்லையே.”

“ரெண்டு வார்த்தை அண்ணாச்சி,” என்றார் மைக்செட்காரர். “ஒயர் கூட மாட்டல, பாத்துக்கிடுங்க. சும்மா பிடிச்சுக்கிட்டாப் போதும்.”

“எவ்வளவு நாள் ஆனாலும் நாங்க இருக்கோம்,” என்று ஒரு கிழவர் வாசலிலேயே பாயை விரித்தார்.

அப்பா மைக்கைப் பார்த்தார். அந்த வெள்ளிக் குமிழ் முகத்துக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சொல்ல அவருக்கு எவ்வளவு இருக்கும். யாரும் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியை அவரே சொல்லிக்கொள்ளலாம், அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் அவர் ஆற்றிய ஒவ்வொரு காப்பியும், ஊரே உட்கார்ந்து கேட்கும். ஒரு வணக்கம் சொன்னால் போதும், அவர் திரும்ப மாட்டார். வடிவு பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

அப்பா கையை நீட்டினார். மைக்கை வாங்கவில்லை. புலவரின் மணிக்கட்டைப் பிடித்து, மைக்கோடு சேர்த்து மெதுவாக வெளியே நகர்த்தினார், பந்தி முடிந்த பிறகு வந்து நிற்கிற விருந்தாளியைக் கையைப் பிடித்து வழிநடத்துகிற மாதிரி.

“அடுப்பு அணைச்சாச்சு சார்,” என்றார் எல்லோருக்கும் பொதுவாக.

பிறகு இரண்டு கதவையும் சேர்த்துச் சாத்தினார். தாழ்ப்பாள் துருவேறி அசையவில்லை, இந்த வீட்டில் அதற்கு வேலையே இருந்ததில்லை. அவர் ஒரு காலை ஊன்றி, உள்ளங்கையை வைத்து அமுக்கினார், கிறீச்சென்று கொஞ்சம் நகர்ந்தது, வடிவு பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து தன் கையையும் அதன்மேல் வைத்தாள், இருவருமாக அதை முழுசாக உள்ளே தள்ளினார்கள்.